பெரியவர் லீவில் போனால் எல்போ எங்கே?

திண்டுக்கல்லில் என் சித்தப்பா மகன் குழாய்ச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறான். முன்னால் கடை, பின்னால் தகரக்கூரை போட்ட குடோன். போன வருஷம் ஒரு நாள் காலையில் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, வழக்கமாக வரும் பிளம்பர் ஒருவர் முக்கால் இஞ்ச் சிபிவிசி பிராஸ் எல்போ இருபது கேட்டார். கம்ப்யூட்டரில் இருப்பு 140 என்று காட்டியது. இரண்டு பையன்கள் உள்ளே போனார்கள். கால் மணி நேரம் கழித்து ஒருவன் தலையில் தூசியோடு வந்து, “இல்லண்ணே” என்றான். பிளம்பர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் பெரியவர் அந்த வாரம் குலதெய்வம் கோயில் கிடாவெட்டுக்கு ஊருக்குப் போயிருந்தார். நாலாம் நாள் வந்ததும் கேட்டோம். “அதுவா, மாடிப்படிக்குக் கீழ, டேங்க் மூடிப் பெட்டிக்குப் பின்னால இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். லோடு வந்த அன்று ரேக்கில் இடம் இல்லை, அங்கே வைத்தேன் என்றார். அவர் செய்தது தப்பில்லை. இடம் இல்லாதபோது இருந்த இடத்தில் வைத்தார், வைத்ததை மறக்கவும் இல்லை. அந்த நினைவு அவர் தலைக்குள் மட்டும் இருந்ததுதான் பிரச்சினை.

கிடங்கு என்ற நம் சொல்லோ தெலுங்குச் சொல்லோ மலாய்க்குப் போய் ‘குடாங்’ ஆகி, போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து, ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ ஆகி, ‘குடோன்’ என்று நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். இத்தனை கடல் தாண்டிய சொல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் எல்போதான் வந்து சேர்வதில்லை.

தம்பி முதலில் யோசித்தது ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றி. ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்றான். நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சில வருஷம் வேலை பார்த்தவன். ஸ்டிக்கர் பாதி வேலை, அதிலும் சுலபமான பாதி என்று அவனிடம் சொன்னேன். சாமான் கிடைக்குமா கிடைக்காதா என்பது தேடப் போகும்போது முடிவாவதில்லை. வண்டியிலிருந்து இறக்கி ஒருவர் அதை ஓரிடத்தில் வைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வைக்கும் ஆளுக்கு விதி இல்லாவிட்டால், எவ்வளவு அழகாக ஒட்டினாலும் ஸ்டிக்கர் ஒன்று சொல்லும், பெட்டிக்குள் வேறொன்று இருக்கும்.

ஆனாலும் முதலில் முகவரிதான் வேண்டும். முகவரி இல்லாமல் ‘இங்கே வை’ என்று விதி எழுத முடியாது.

குடோன் 40 அடி நீளம், 16 அடி அகலம். இரு பக்கச் சுவரை ஒட்டி ஆங்கிள் ரேக்குகள், நடுவில் முதுகோடு முதுகு சேர்த்து இரண்டு வரிசை. இடையில் நடக்க இரண்டு சந்துகள். ஒவ்வொரு ரேக்கும் மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஐந்து தட்டு. வரிசைக்கு ஒன்பது ரேக் என்று மொத்தம் 36. வாசல் பக்கம் பத்தடிக்கு மேல் காலி இடம். லோடு இறக்குவதும் கட்டு கட்டுவதும் அங்கேதான்.

தபால் துறை 1972 ஆகஸ்ட் 15-ல் கொண்டுவந்த பின்கோடு நினைவிருக்கட்டும். தமிழ்நாட்டுக்கு 6-ல் தொடங்கி, இடமிருந்து வலமாகப் படிக்கப் படிக்க ஊர் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசி மூன்று எண்ணில் ஒரு தபால் நிலையத்தில் போய் நிற்கும். குடோன் முகவரிக்கும் அதே வரிசைதான் சரிப்படும். எங்கள் கோடு A-07-3-2 என்பது போல இருக்கும். A என்பது சந்து. 07 ரேக். 3 தட்டு. 2 அந்தத் தட்டில் இடது பக்கமிருந்து இரண்டாவது அறை. நடக்கும் கால் சந்தைத் தேடுகிறது, பிறகு ரேக்கை, பிறகு கண் தட்டை, கடைசியில் கை அறையை. உடம்பு போகும் வரிசையும் கோட்டின் வரிசையும் ஒன்றாக இருப்பதால் புதிதாக வந்த பையனுக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இதில் நாங்கள் யோசித்து எடுத்த முடிவுகள் சில உண்டு. தெருவில் வீட்டு எண் போடுவதுபோல, சந்தின் இடப்பக்க ரேக்குகளுக்கு ஒற்றைப்படை, வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை. இதனால் சீட்டில் உள்ள சாமானைக் கோடு வரிசைப்படி எடுத்தால் சந்தில் ஒரு முறை நடந்தால் போதும். ஒரு பக்கம் முழுக்கப் போய் மறுபக்கம் திரும்ப வேண்டாம். தட்டுகளைத் தரையிலிருந்து மேலே எண்ணினோம். மேலிருந்து எண்ணினால், நாளைக்கு உச்சியில் ஒரு தட்டு கூடுதலாகப் பூட்டும்போது கீழே உள்ள எல்லாமே மாறிவிடும். ரேக் எண்ணை 7 என்று எழுதாமல் 07 என்று எழுதினோம். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும்போது 1, 10, 11 என்று போய்விட்டு அப்புறம் 2-க்கு வரும். பின்னால் சந்துகள் கூடினாலும் I, O இரண்டு எழுத்தும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவசரக் கையெழுத்தில் அவை ஒன்றாகவும் பூஜ்யமாகவும் மாறிவிடும்.

தமிழ் எழுத்து வைக்கலாமே என்று தம்பி கேட்டான். எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் குடோனில் இப்போது லோடு இறக்குகிற நாலு பேரில் இரண்டு பேர் பீகார்க்காரர்கள். ஏ, பி-யும் எண்களும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். கோட்டுக்குள் சாமான் பெயர் வரக்கூடாது. சிபிவிசி ரேக் என்பதால் ‘C’, வால்வு ரேக் என்பதால் ‘V’ என்று வைக்கத் தோன்றும். ஆறு மாதத்தில் வால்வு குறைந்து அந்த ரேக்கில் ஷவர் வந்து உட்காரும். அப்போது V என்ற எழுத்து பொய் சொல்ல ஆரம்பிக்கும். முகவரி இடத்தைச் சொல்ல வேண்டும், குடியிருப்பவரைச் சொல்லக் கூடாது.

இன்னொன்று, எண்ணை மாற்றவே கூடாது. சென்னையில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் சுமந்துகொண்டு திரியும் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. புதிதாக ஒரு ரேக் வந்தால் அது எங்கே நின்றாலும் அடுத்த காலி எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 19-ஆம் ரேக் ஐந்தாம் ரேக்குக்குப் பக்கத்தில் நின்றால் பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். ஒரே வாரத்தில் பழகிவிடும். வரிசை அழகுக்காக எல்லா எண்ணையும் நகர்த்தினால், பழைய சீட்டும் பழைய நினைவும் சேர்ந்து பல மாதங்களுக்குத் தொல்லை கொடுக்கும்.

இனி ஸ்டிக்கர். இங்கே நாங்களே ஒரு தப்பு செய்து திருத்தினோம். முதல் வாரம் முகவரி ஸ்டிக்கரை நீல பிளாஸ்டிக் பின்களின் நெற்றியில் ஒட்டினோம். பத்து நாளில் A-07-3-2 என்ற பின், கவுண்டருக்குப் பக்கத்தில் திருகாணி நிரம்பி உட்கார்ந்திருந்தது. பையன் சாமானை எடுக்கப் பின்னோடு தூக்கி வந்திருக்கிறான், காலியானதும் வேறு எதற்கோ பயன்படுத்தியிருக்கிறான். முகவரியே நடந்து போய்விட்டது. அதன் பிறகு முகவரியைத் தட்டின் இரும்பு விளிம்பில் ஒட்டினோம். பின்னில் ஒட்டுவது சாமான் பெயர் மட்டும், அதுவும் கழற்றி மாற்றும் அட்டையாக. தட்டில் இருப்பது நிரந்தரம், பின்னில் இருப்பது குடித்தனக்காரர்.

ஆங்கிள் ரேக் தட்டின் விளிம்பு ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதில் பெரிய எழுத்துக்கு இடமில்லை; இருந்தும் போதும், ஏனென்றால் அந்த ஸ்டிக்கரைப் படிப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். தூரத்திலிருந்து தெரிய வேண்டியது ரேக் எண். போர்டு எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று. சந்தின் முனையில் நின்று முப்பதடி தள்ளியிருக்கும் கடைசி ரேக்கைப் பார்க்க வேண்டும் என்பதால் ரேக் எண்ணை மூன்று அங்குலத்தில் போட்டோம். அதுவும் ரேக்கின் முகத்தில் தட்டையாக ஒட்டினால் சந்துக்குள் நடப்பவருக்குத் தெரியாது. கடை வீதியில் பெயர்ப்பலகை தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதுபோல, தகரத் துண்டை மடித்துச் சந்துப் பக்கம் நீட்டி வைத்தோம்.

பில் போடும் தெர்மல் பிரிண்டரில் ஸ்டிக்கரும் அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது. நாளாக ஆக எழுத்து மங்கும், தகரக்கூரைக்குக் கீழே இன்னும் சீக்கிரம் மங்கும். மை ரிப்பன் வைத்து அடிக்கும் பிரிண்டர் ஸ்டிக்கர் நிற்கும். அது இல்லாதவர்கள் சாதாரண லேசர் பிரிண்டரில் ஏ4 ஸ்டிக்கர் தாளில் அடித்து, மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டினால் போதும். ஒட்டும் முன் விளிம்பைத் துணியில் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் இருந்தால் மூலை மூலையாக உரிந்து வந்துவிடும்.

முகவரி முடிந்தது. குடியேற்றம் எப்படி?

பெரிய நிறுவனங்களின் கிடங்குகளில், அமேசான் போன்ற இடங்களில், வந்த பொருளைக் காலியாக இருக்கும் எந்த அறையிலும் வைத்துவிடுகிறார்கள். பொம்மைக்குப் பக்கத்தில் பல்பசை இருக்கும். ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் எடுக்கும்போதும் ஸ்கேன் செய்வதால் அது அங்கே நடக்கிறது. இடமும் வீணாவதில்லை. ஸ்கேனர் இல்லாத குடோனில் அதையே செய்தால், நம் பெரியவர் மாடிப்படிக்குக் கீழே வைத்த கதைதான். இன்னொரு வழி, ஒவ்வொரு சாமானுக்கும் நிரந்தர வீடு. நினைவில் நிற்கும், தேட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வீட்டையும் அந்தச் சாமான் அதிகபட்சம் வரும் நாளுக்கு ஏற்றபடி பெரிதாகக் கட்ட வேண்டும். மீதி நாளெல்லாம் பாதி காலியாகக் கிடக்கும். 16 அடி அகலக் குடோனில் அதற்கு வசதி இல்லை.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். முதல் நாலு தட்டுகளிலும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சின்ன, நிரந்தர வீடு. ஐந்தாவது தட்டு முழுக்க யாருக்கும் சொந்தமில்லாத ஸ்டாக் இடம்; உடைக்காத பெட்டிகள் காலியாக இருக்கும் அறையில் அங்கே ஏறும். சில்லறையாக எடுப்பது வீட்டிலிருந்து மட்டும். வீடு குறைந்தால் மேலிருந்து நிரப்ப வேண்டும்.

யாருக்கு எந்த வீடு என்பதைக் கேட்டால், எல்லோரும் விலை அதிகமான சாமானை முன்னால் வைக்கச் சொல்வார்கள். இங்கே பணம் கணக்கில்லை, கை போகும் தடவைதான் கணக்கு. மூன்று மாத பில்லை எடுத்து, ஒவ்வொரு சாமானும் எத்தனை பில்லில் வருகிறது என்று எண்ணினோம். குரோம் பூசிய ஷவர் செட் விலை அதிகம், மாதம் இரண்டு மூன்று பில்லில் வரும். அரை இஞ்ச் எல்போ சில ரூபாய்தான், ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் கை அதற்குப் போகும். அடிக்கடி கை போகும் சாமான்கள் வாசலுக்குப் பக்கத்து ரேக்குகளில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தட்டுகளில் வந்தன. குனியவும் வேண்டாம், ஸ்டூலும் வேண்டாம். பித்தளை வால்வுப் பெட்டி போல் கனமானவை முதல் தட்டில். அபூர்வமாகப் போகிறவை சந்தின் கடைசியில். இதிலும் ஒரு பாடம் கிடைத்தது. வேகமாக ஓடும் சாமானை எல்லாம் ஆசையாக ஒரே ரேக்கில் அடுக்கியிருந்தோம். காலை பத்து மணிக்கு மூன்று பேர் அந்த ஒரு ரேக் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு சந்துக்கும் பிரித்த பிறகு நெரிசல் தீர்ந்தது.

ஆனால் அடுத்து சொல்லப்போகும் விதிதான் இந்தத் தொழிலில் முக்கியமானது என்பேன். ஒன்றுபோல் இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே. படித்த மனம் இதற்கு நேர்மாறாகத்தான் யோசிக்கும். எல்போ எல்லாம் ஒரு தட்டு, அரை, முக்கால், ஒன்று என்று வரிசை. பார்க்க லட்சணமாக இருக்கும். சிபிவிசியில் முக்கால் இஞ்ச் எல்போவும் ஒரு இஞ்ச் எல்போவும் ஒரே சந்தன நிறம், ஒரே வடிவம். மங்கலான டியூப்லைட்டில் பக்கத்து அறைக்குள் நாலு உருண்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது. வேலை நடக்கும் வீட்டில், சிமென்ட் குழைத்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரியும். மில்லிமீட்டர் கணக்கு இதை மேலும் குழப்புகிறது. வீட்டுக்குள் ஓடும் சிபிவிசியில் 25 மி.மீ. என்றால் ஒரு இஞ்ச். ஐ.எஸ். 4985 தரத்தில் வரும் பிவிசி பைப்பில் 25 மி.மீ. என்பது வெளிவிட்டம், கடைப் பேச்சில் அது முக்கால் இஞ்ச். ‘இருபத்தஞ்சு எல்போ’ என்று கேட்டால் இரண்டு பேர் இரண்டு சாமானை எடுத்து வருவார்கள், இருவரும் சரி. அதனால் முக்கால் எல்போவுக்கும் ஒரு இஞ்ச் எல்போவுக்கும் நடுவில் வேறு உருவம் கொண்ட ஒரு டீயையோ மூடியையோ குடிவைத்தோம். தவறி விழுந்தால் உடனே கண்ணில் படும். சிபிவிசி ஒரு சந்து, பிவிசி இன்னொரு சந்து.

சொல்யூஷன் டப்பாவுக்குத் தனி நியாயம். பைப் ஒட்டும் அந்தப் பசை தீப்பிடிக்கும் சரக்கு, சூட்டிலும் வயதிலும் கெட்டியாகும். தகரக்கூரையை ஒட்டிய ஐந்தாம் தட்டில் அது ஒருபோதும் ஏறக்கூடாது. ஸ்விட்ச் போர்டிலிருந்து தள்ளி, கீழ்த் தட்டில், தேதி முந்தியது முன்னால். ஜெல்லி மாதிரி ஆகிவிட்ட டப்பாவைக் கலக்கிக் கொடுக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பழையது முதலில் போக வேண்டும் என்ற விதியை எல்லாச் சாமானுக்கும் கட்டாயமாக்குகிற மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். எல்போவுக்கு அது வீண் வேலை. தேதி இருக்கும் சரக்குக்கு மட்டும் கண்டிப்பாக இருந்தால் போதும். எல்லாவற்றிலும் கண்டிப்பு காட்டினால் பையன்கள் எதையுமே கடைப்பிடிக்க மாட்டார்கள்.

இப்போது ஒரு லோடு இறங்குவதைப் பார்ப்போம். அதே முக்கால் இஞ்ச் பிராஸ் எல்போ, 200 வருகிறது. அதன் வீடு A-07-3-2. அந்தப் பின்னில் 60 கொள்ளும், இப்போது 14 இருக்கிறது.

பெட்டி வாசலருகே மஞ்சள் கோடு போட்ட இடத்தில் இறங்குகிறது. பில்லோடு ஒப்பிட்டு எண்ணும் வரை அது கோட்டைத் தாண்டக்கூடாது. எண்ணியதும் எண்ணியவர் மார்க்கரால் பெட்டி மேல் A-07-3-2 என்று பெரிதாக எழுதுகிறார். எங்கே போக வேண்டும் என்று தூக்குகிற ஆள் யோசிக்கக் கூடாது, கேட்கவும் கூடாது, பெட்டியே சொல்ல வேண்டும். பெட்டி போகிறது, 46 எண்ணிப் பின்னில் கொட்டப்படுகிறது, பின் நிறைந்தது. பெட்டியில் மீதி 154. சந்தில் சுற்றிப் பார்த்தால் ஐந்தாம் தட்டில் A-12-5-1 காலி. பெட்டி அங்கே ஏறுகிறது. ஏற்றியவர் இறங்கும் முன் செய்ய வேண்டியது இரண்டு. பெட்டியின் முன்பக்கம் சாமான் பெயரும் 154 என்ற எண்ணும் எழுத வேண்டும். பிறகு எல்போவின் வீட்டுக்கு வந்து, பின்னில் தொங்கும் அட்டையில் ‘A-12-5-1, 154’ என்று எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் அடுத்த பெட்டி.

எல்லாச் சங்கிலியும் அறுவது அந்த இரண்டாவது எழுத்து வேலையில்தான். ‘சாப்பிட்டு வந்து எழுதிக்கலாம்’ என்பதுதான் மாடிப்படிக்குக் கீழே போகும் வழி. தம்பி ஒரு மார்க்கரையும் ஒரு பேனாவையும் கயிற்றில் கட்டி ஏணியிலேயே தொங்கவிட்டான். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு எழுதாமல் விடுவது வெகுவாகக் குறைந்தது. விதியை மறக்கிறவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் இல்லை, அந்த நேரம் கையில் பேனா இல்லாதவர்கள்.

பின் இருபதுக்குக் கீழே போனால் தெரியும்படி உள்ளே சிவப்பு டேப்பால் ஒரு கோடு. காலையில் கடை திறக்கும் முன் ஒரு பையன் சந்து சந்தாக நடந்து, சிவப்புக் கோடு தெரிகிற பின்களை மேலிருந்து நிரப்புகிறான். அட்டையில் 154-ஐ அடித்துவிட்டு மீதியை எழுதுகிறான். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது ஏணி போட்டு ஏறும் வேலை இதனால் இல்லாமல் போனது.

இதைக் கணக்கிலும் ஏற்ற வேண்டுமே? டேலியில் ஒவ்வொரு அறையையும் ஒரு தனிக் குடோனாகத் திறந்துவிடலாம் என்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒருவர் யோசனை சொன்னார். முடியும்தான். ஆனால் ஒவ்வொரு பில் வரியிலும் எந்தக் குடோன் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கவுண்டரில் நாலு பேர் நிற்கும்போது எல்லாம் Main Location-இல்தான் விழும். நாங்கள் ஒரு எக்செல் பக்கத்தில் சாமான் பெயர், வீடு, ஸ்டாக் இடம் என்று மூன்று பத்தி மட்டும் வைத்தோம். எடுக்க வேண்டிய சாமான் பெயரை ஒரு பத்தியில் இட்டால் வீடு தானாக வர:

```
=VLOOKUP(B2,ITEMS!A:C,2,FALSE)
```

வந்த கோட்டை வரிசைப்படுத்தி அச்சடித்தால் அதுவே எடுக்கும் சீட்டு. சாமான் பெயர் மட்டும் கடையில் எல்லோரும் சொல்கிற மாதிரியே இருக்க வேண்டும். கம்பெனி பில்லில் ‘ஃபீமேல் த்ரெடட் எல்போ’ என்று இருக்கும். கவுண்டரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, ‘பிராஸ் எல்போ’தான்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் தப்பான எல்போ போய்விட்டது என்று ஒரு பிளம்பர் கோபமாக வந்தார். தேடிப் பார்த்ததில் காரணம் புது லோடு இல்லை, திரும்பி வந்த சாமான். வேலை முடிந்ததும் மீந்ததை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பது பிளம்பர்களின் வழக்கம். ஒரே பையில் முக்கால், ஒன்று, டீ, கப்ளிங் எல்லாம் கலந்திருக்கும். கடைப் பையன் அதை அவசரத்தில் கண்ணுக்குத் தோன்றிய பின்களில் போட்டிருக்கிறான். லோடு வரும்போது காட்டும் கண்டிப்பை இங்கே நாங்கள் மறந்திருந்தோம். இப்போது திரும்பி வருவதற்கு R என்று ஒரு பெரிய டப். பகலில் அதிலிருந்து யாரும் எடுக்கக்கூடாது, அதிலிருந்து பின்னுக்கும் போடக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவர் உட்கார்ந்து, எல்போவின் முதுகில் அச்சான அளவைப் படித்துப் பிரித்துக் கோடு எழுதி வைக்கிறார். அடுத்த நாள் காலை டப் காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லாவிட்டால் குடோன் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வேறு எந்தப் புள்ளிவிவரத்தையும்விட எனக்கு அந்த டப்பைப் பார்த்தால் போதும்.

சரிபார்க்க இன்னொரு வழக்கமும் வைத்தோம். தினமும் பத்து இடம். ஐந்தைத் தாளிலிருந்து எடுத்து ரேக்கில் போய்ப் பார்ப்பது. தாள் சொல்லும் சாமான் அங்கே இருக்கிறதா? மற்ற ஐந்தை ரேக்கில் கண்ணை மூடித் தொட்டு, அங்கே இருப்பதைத் தாளில் தேடுவது. பலர் முதல் பாதியை மட்டும் செய்கிறார்கள். அதில் தொலைந்த சாமான் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாமல் குடியிருக்கும் சாமான் தெரியாது. ஒருமுறை ரேக்கிலிருந்து தாளுக்குப் போனபோது, இருப்பு பூஜ்யம் என்று நினைத்துத் திரும்பவும் ஆர்டர் போட்டுவிட்ட ஒரு பெட்டி பால் வால்வு B-16-5-3-இல் தூங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் பெயர் இருந்தது, அட்டையில் எழுத விட்டிருந்தார்கள்.

பெரியவர் இதையெல்லாம் முதலில் ரசிக்கவில்லை. “நான் செத்தா போயிட்டேன்?” என்று தம்பியிடம் கேட்டாராம். பிறகு கோடு எழுதும் வேலையே அவரிடம் வந்தது. எந்தச் சாமானுக்கு எது ஜோடி, எதைக் கேட்கிறவர் அடுத்து எதைக் கேட்பார் என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. எம்டிஏ கேட்பவர் டெஃப்லான் டேப்பும் கேட்பார். இரண்டின் வீடும் இப்போது எதிரெதிரே இருக்கிறது, அவர் சொல்லித்தான்.

இந்த முறை எல்லாக் கடைக்கும் அப்படியே பொருந்தாது. ஜவுளிக்கடைக் குடோனில் டிசைன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடும், நிரந்தர வீடு கொடுத்தால் வீடு காலி செய்யும் வேலையே மிச்சம். அங்கே எல்லாமே ஐந்தாம் தட்டு மாதிரிதான், எழுதி வைப்பதில் இரட்டைக் கண்டிப்பு வேண்டும். எங்கள் குடோனிலேயே ஒன்று மட்டும் எந்த விதிக்கும் அடங்கவில்லை. வெட்டி மீந்த பைப் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நீளம். இரண்டடி, நாலே காலடி, ஐந்தடி. கோடு கொடுத்தால் நாளைக்கு அதிலும் ஒரு துண்டு வெட்டுவார்கள். மூன்று டிரம் வைத்து, மூன்றடிக்குக் கீழ், மூன்றிலிருந்து ஆறு, ஆறுக்கு மேல் என்று பிரித்து நிறுத்தியிருக்கிறோம். ‘நாலே காலடி ஒரு இஞ்ச் சிபிவிசி இருக்கா?’ என்று யாராவது கேட்டால், பையன்கள் சீட்டைப் பார்ப்பதில்லை, டிரம்மையும் பார்ப்பதில்லை. பெரியவரைத்தான் பார்க்கிறார்கள்.